ஒரு கையெழுத்தா, இரண்டு கையெழுத்தா?

இட்லிப் பொடியும் சாம்பார் பொடியும் விற்கும் வீட்டுத் தொழில்கள் தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்கு அரைகிலோ அரைத்துக் கொடுப்பதில் தொடங்கி, வாட்ஸ்அப் குழுவில் ஆர்டர் எடுப்பதாக வளர்ந்து, ஒருநாள் ஊர் சூப்பர் மார்க்கெட்காரர் "பில் போட்டுக் குடுங்கம்மா" என்று கேட்கும்போதுதான் பதிவு என்ற பேச்சே எழுகிறது. கூடவே இன்னொரு கேள்வியும் வரும். தொழில் யார் பெயரில் இருப்பது?

ஓரகத்திகள் இருவர் சேர்ந்து நடத்தும் ஒரு பொடித் தொழிலை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மூத்தவர் 1,20,000 ரூபாய் போட்டு அரவை மெஷினும் பாக்கெட் ஒட்டும் மெஷினும் வாங்கினார். இளையவர் பணம் போடவில்லை. கடை கடையாகப் போய் ஆர்டர் பிடிப்பதும் சரக்கு கொடுப்பதும் அவர் வேலை. மாதம் 50,000 ரூபாய்க்கு விற்பனை, செலவு போக 20,000 ரூபாய் மிச்சம். ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்கிறார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை.

இந்த இருவரும் தங்களைக் கூட்டாளிகள் என்று நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் சட்டம் அப்படிப் பார்க்க நிறைய இடம் இருக்கிறது. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932-ஆம் ஆண்டுக்காரி. அதன்படி கூட்டாண்மை உருவாகப் பத்திரம் கட்டாயம் இல்லை. சேர்ந்து தொழில் செய்து லாபத்தைப் பிரித்துக்கொள்ள ஒப்புக்கொண்டு, ஒருவர் செய்வது மற்றவரையும் கட்டுப்படுத்தும் நிலை இருந்தால் வாய்மொழி ஏற்பாடே போதும். எழுதாமல் விட்ட விஷயங்களுக்குச் சட்டமே விடை வைத்திருக்கிறது: லாபமும் நஷ்டமும் சரிசமம், உழைப்புக்குத் தனிச் சம்பளம் இல்லை, போட்ட முதலுக்கு வட்டி இல்லை. மூத்தவரின் 1,20,000 ரூபாய்க்கு ஒரு பைசா வட்டி கேட்க வழி இல்லை. இளையவர் வெயிலில் அலைந்ததற்குக் கூடுதலாக ஒன்றும் கிடையாது. இருவருக்குமே மனக்குறை வரக்கூடிய ஏற்பாடு இது.

இதை நேராக்க இரண்டு வழிகள் உண்டு. மூத்தவரே தனி உரிமையாளராகி இளையவருக்குச் சம்பளமோ கமிஷனோ கொடுப்பது ஒன்று. முறையாகக் கூட்டாண்மை எழுதிக்கொள்வது மற்றொன்று.

தனி உரிமையாளர் தொழிலுக்கென்று தனிச் சட்டம் இல்லை, பதிவு செய்யும் ஒரே அலுவலகமும் இல்லை. உரிமையாளரின் பான் எண்தான் தொழிலின் பான் எண். மற்ற சான்றுகள் அந்த எண்ணைச் சுற்றி ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. முதலில் உத்யம் பதிவு. 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ள இந்தப் பதிவுக்கு ஆதாரும் பானும் போதும், udyamregistration.gov.in என்ற அரசுத் தளத்தில் கட்டணமே இல்லை. இணையத்தில் தேடினால் இதே தோற்றத்தில் பணம் கேட்கும் தனியார் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். முகவரியின் முடிவில் gov.in இருக்கிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு.

உணவுத் தொழில் என்பதால் அடுத்தது உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு. வீட்டில் சிறு அளவில் செய்பவர்கள் foscos.fssai.gov.in தளத்தில் ஃபார்ம் ஏ நிரப்பினால் போதும். போட்டோ, அடையாளச் சான்று, தயாரிக்கும் இடத்தின் முகவரிச் சான்று கேட்பார்கள். வாடகை வீடென்றால் வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. கிடைக்கும் 14 இலக்க எண் ஒவ்வொரு பாக்கெட்டின் லேபிளிலும் அச்சாக வேண்டும். இவ்விரண்டு சான்றுகளும் தொழிலின் பெயரில் இருந்தால் பல வங்கிகளில் கரண்ட் அக்கவுண்ட் திறந்துவிடலாம். தனி உரிமையாளருக்கு வங்கிகள் பொதுவாகக் கேட்பது தொழில் பெயரிலான இரண்டு ஆவணங்களைத்தான். அதனால் விண்ணப்பிக்கும்போதே தொழிலின் பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுக்க வேண்டும். ஒன்றில் "ஃபுட்ஸ்", இன்னொன்றில் "ஃபுட் புராடக்ட்ஸ்" என்று இருந்தாலே வங்கியில் கோப்பு நின்றுவிடும்.

ஜிஎஸ்டி எல்லோருக்கும் தொடக்கத்திலேயே தேவைப்படுவதில்லை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை கட்டாயம் இல்லை. ஆறு லட்சம் விற்கும் இந்தத் தொழில் அதற்கு வெகு தொலைவில் இருக்கிறது. ஆனால் பெங்களூரு கடைக்கு ஒரு பெட்டி பொடி அனுப்பினால் வரம்புக் கணக்கே மாறிவிடும். வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்பவர் எவ்வளவு சிறியவரானாலும் பதிவு செய்தாக வேண்டும்.

கூட்டாண்மை வேறு பாதை. அதன் முதல் காகிதம் கூட்டாண்மைப் பத்திரம். முத்திரைத் தாளில் எழுதி, கூட்டாளிகள் எல்லோரும் சாட்சிகள் முன் கையெழுத்திட வேண்டும். அடுத்து நிறுவனத்தின் பெயரில் புதிய பான். பிறகு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நிறுவனப் பதிவு. விண்ணப்பம் படிவம் 1. நிறுவனத்தின் பெயர், தலைமை இடம், கிளைகள் இருந்தால் அவை, ஒவ்வொரு கூட்டாளியும் சேர்ந்த தேதி, அவர்களின் முழுப்பெயர், நிரந்தர முகவரி, கூட்டாண்மையின் கால அளவு ஆகியவற்றை அதில் சொல்லி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். உத்யம், உணவுப் பாதுகாப்பு, வங்கிக் கணக்கு எல்லாம் அதன் பிறகு நிறுவனத்தின் பெயரில்தான். உத்யம் பதிவில் மட்டும் நிர்வாகக் கூட்டாளியின் ஆதார் கேட்கும்.

நிறுவனப் பதிவு கட்டாயம் இல்லை என்று சட்டம் சொல்வதால் பலர் பத்திரத்தோடு நின்றுவிடுகிறார்கள். இங்கேதான் ஆபத்து. சூப்பர் மார்க்கெட் 85,000 ரூபாய் பாக்கி வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தின் 69-ஆவது பிரிவின்படி, பதிவாகாத நிறுவனம் அந்த ஒப்பந்தப் பாக்கிக்காகச் சிவில் வழக்குப் போட முடியாது. கடைக்காரர் இவர்கள்மேல் வழக்குப் போட மட்டும் தடை இல்லை. கூட்டாளிகளுக்குள் சண்டை வந்தாலும் பத்திரத்தைக் காட்டி ஒருவர் மற்றவர்மேல் வழக்குப் போட முடியாது. தொழிலைக் கலைக்கவும் கலைத்தபின் கணக்குக் கேட்கவும் மட்டுமே கதவு திறந்திருக்கும். வழக்குப் போடும் முன் பதிவு செய்துவிட்டால் தடை நீங்கும். வழக்குப் போட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்வது அந்த வழக்கைக் காப்பாற்றாது. பாக்கி வசூல் வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு என்பதால் தாமதம் தொகையையே இழக்கச் செய்யலாம். தனி உரிமையாளருக்கு இந்தச் சிக்கல் இல்லை. தன் சொந்தப் பெயரில் நேரே நீதிமன்றம் போகலாம்.

வருமான வரியில்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பணமாகத் தெரியும். ஆண்டு லாபம் 2,40,000 ரூபாய். மூத்தவர் தனி உரிமையாளராக இருந்தால், வேறு வருமானம் இல்லாதபோது, வரியே இல்லை. புதிய வரி முறையில் தனிநபருக்கு 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்குக் கழிவு கிடைக்கிறது. இளையவருக்குக் கொடுக்கும் சம்பளம் தொழில் செலவாகிவிடும். கூட்டாண்மை நிறுவனத்துக்கு அப்படி அடிப்படை விலக்கு எதுவும் கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். பத்திரத்தில் சம்பளம் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் இந்த 2,40,000-க்கு 74,880 ரூபாய் வரி வரும். இரண்டு பெண்களின் சில மாத உழைப்பு அது.

அதே பத்திரத்தில் "இருவரும் உழைக்கும் கூட்டாளிகள், ஒவ்வொருவருக்கும் மாதம் 10,000 ரூபாய் சம்பளம்" என்று எழுதியிருந்தால் கணக்கு தலைகீழாகும். இந்த அளவு லாபத்தில் கூட்டாளிகளின் சம்பளமாக ஆண்டுக்கு 3,00,000 ரூபாய் வரை கழிக்க வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. ஆக 2,40,000 முழுவதும் சம்பளமாகப் போய், நிறுவனத்துக்கு வரி பூஜ்யம். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வரை வட்டி எழுதிக்கொள்ளவும் வழி உண்டு. மூத்தவரின் குறை அதில் தீரும். ஆனால் சம்பளத் தொகையோ அதைக் கணக்கிடும் முறையோ பத்திரத்திலேயே இருக்க வேண்டும். பின்னால் எழுதிச் சேர்த்தால், சேர்த்த தேதிக்குப் பிந்தைய காலத்துக்கு மட்டுமே செல்லும்.

இந்தச் சலுகைக்கு ஒரு விலையும் இருக்கிறது. கூட்டாளிக்குக் கொடுக்கும் சம்பளமும் வட்டியும் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும் என்பது 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. அதற்கு நிறுவனம் டான் எண் வாங்கி, காலாண்டுக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஆளுக்கு 12,000 ரூபாய் பிடித்தம். ரிட்டர்ன் போட்டால்தான் அது திரும்ப வரும். லாபமே இல்லாத ஆண்டிலும் நிறுவனம் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணத்தையும் சேர்த்துப் பார்த்தால், மாதம் 20,000 ரூபாய் லாபம் பார்க்கும் தொழிலுக்கு இந்தப் பாரம் சிறியதல்ல.

கடன் பொறுப்பில் இரண்டுமே கடுமையானவைதான். தனி உரிமையாளரின் தொழில் கடனுக்கு அவருடைய நகையும் வீடும் பொறுப்பு. கூட்டாண்மையில் அதோடு இன்னொன்றும் சேரும்: ஒரு கூட்டாளி தொழிலுக்காக வாங்கிய முழுக் கடனையும் மற்றவரிடமே கேட்டு வசூலிக்கலாம். இளையவர் மிளகாய் மண்டியில் ஒரு லட்சம் ரூபாய்க்குக் கடனில் சரக்கு எடுத்தால், மண்டிக்காரர் மூத்தவரிடம் முழுதாகக் கேட்க முடியும். பாதியைத்தான் தருவேன் என்று அவர் சொல்ல முடியாது. இரண்டே பேர் உள்ள கூட்டாண்மையில் ஒருவர் இறந்தால், பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும், கூட்டாண்மை அங்கேயே முடிந்துவிடும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் தனியாகத் தொடங்கிப் பிறகு கூட்டு சேர்ந்துகொள்ளலாமா? தாராளமாக. ஆனால் பான் எண் மாறுவதால் உத்யம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, வங்கிக் கணக்கு, இருந்தால் ஜிஎஸ்டி, எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும். 14 இலக்க எண் மாறும் என்பதால் அச்சடித்து வைத்திருக்கும் லேபிள்களும் வீணாகும். ஆகவே மொத்தமாக லேபிள் அச்சடிக்கும் முன்பே இந்த முடிவை எடுத்துவிட வேண்டும்.

நம் ஓரகத்திகளின் கணக்கில், முதல் போட்டவரும் முடிவெடுப்பவரும் ஒருவரே என்றால் மூத்தவர் பெயரில் தனி உரிமையாளர் தொழிலும், இளையவருக்கு எழுத்தில் சம்பளமும் விற்பனைக் கமிஷனுமே ஏற்றது. இளையவரும் முதல் போடப்போகிறார், கடை பிடிப்பதிலும் விலை வைப்பதிலும் அவர் சொல்லும் செல்லும் என்றால் கூட்டாண்மைதான் நியாயம். அப்போது சம்பளம், முதல் வட்டி, லாபப் பங்கு, யார் எவ்வளவு வரை கடனில் சரக்கு எடுக்கலாம், விலகுபவருக்குக் கணக்கு எப்படித் தீர்ப்பது ஆகிய ஐந்தும் இல்லாத பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். கையெழுத்தான கையோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் படிவம் 1-ஐக் கொடுத்துவிடுங்கள்.