உங்களுக்குத் தெரியுமா? காபி தெரியும்... கீபி?

'காபி கீபி சாப்பிடறீங்களா?' என்று உபசரிக்கிறோமே, அந்தக் 'கீபி' எந்தக் கடையிலும் கிடைக்காது! ஆனால் அதைச் சேர்த்த மறுநொடியே டீ, மோர், ஜூஸ் எல்லாம் பட்டியலுக்குள் வந்துவிடும். ஆங்கிலத்தில் கேட்டால், 'காஃபி ஆர் சம்திங்?'

முதல் எழுத்து குறிலா? தூக்கிவிட்டு 'கி' போடுங்கள். நெடிலா? 'கீ' போடுங்கள். புலி கிலி, பாம்பு கீம்பு. நேற்று வந்த சரக்கும் தப்பவில்லை: லேப்டாப் கீப்டாப்!

இந்தச் சூத்திரமும் ஓரிடத்தில் படுத்துவிடும். கீரைக்கு எதிரொலி சொல்லிப் பாருங்கள். 'கீரை கீரை'! கூடைக்கார அம்மா தெருவில் கூவுகிற மாதிரிதான் இருக்கும்!

ஹிந்திக்காரர் 'வ' போடுவார்: சாய் வாய். அமெரிக்க ஆங்கிலத்துக்கு யூதர்களின் இத்திஷ் மொழி கொடுத்தது 'ஷ்ம்': ஃபேன்சி ஷ்மேன்சி! அது நக்கலுக்கு மட்டும்தான். நம்ம 'கி'க்கு இரண்டு வேலை. உபசரிக்கவும் செய்யும், வாரவும் செய்யும்! 'காதல் கீதல்னு சுத்தாதே' என்று அப்பா அதட்டும்போது 'லவ் ஆர் சம்திங்' என்று மொழிபெயர்த்தால் அடி பாதியாகக் குறைந்துவிடும். 'லவ் அண்ட் ஆல் தட் நான்சென்ஸ்' என்றால்தான் அந்தக் கோபம் வரும்!

எதிரொலி மட்டுமா? அதே சொல்லை இரட்டித்தாலும் வேலை நடக்கும். 'தெரு முழுக்கப் பெரிய பெரிய வீடு.' எங்கே 'கள்'? காணோம்! வீடு ஒருமையிலேயே நிற்கிறது. 'பெரிய' இரண்டு முறை வந்ததுமே வீடுகள் பலவாகிவிட்டன! ஆங்கிலத்தில் 'பிக்' ஒன்று போதும். ஆனால் 'ஹவுசஸ்' கட்டாயம்.

'கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்க?' இதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்த்தான் நம்மூரில் 'ஹூ ஆல் கேம்?' என்கிறோம். லண்டன்காரருக்கு வெறும் 'ஹூ கேம்?' போதும். பத்துப் பேர் வந்திருந்தாலும் அதே ஒரு 'ஹூ'தான்!

வீடு வீடாக ஓட்டு கேட்டால் அது 'டோர் டு டோர்'. நாம் வீட்டை எண்ணுகிறோம், அவர்கள் கதவை எண்ணுகிறார்கள்!

அழுத்தம் வேண்டுமா? நாம் அந்தச் சொல்லையே இரட்டிக்கிறோம். அவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளைத் தேடிப் பிடிக்கிறார்கள். இட்லி சுடச்சுட வந்தால் 'பைப்பிங் ஹாட்'. சட்டை புத்தம்புதுசு என்றால் 'பிராண்ட் நியூ'. தன்னந்தனியாக நின்றால் 'ஆல் அலோன்'. ஆளை மாற்றிப் போட்டு 'பிராண்ட் ஹாட் இட்லி' என்றால் சர்வரே சிரிப்பார்!

சரி, எத்தனை முறை அடுக்கலாம்? அதற்கும் கணக்கு வைத்திருக்கிறது தொல்காப்பியம்! அவசரத்தில் கத்தினால் 3 முறைதான் எல்லை: 'தீ! தீ! தீ!' செய்யுளில் ஓசை நிரம்ப வேண்டுமானால் 4 வரை போகலாம். ஆக, வீடு பற்றி எரிந்தாலும் நாலாவது 'தீ' கவிஞருக்கு மட்டும்தான்!