மூவருக்கும் ஒரே கடிதம்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையோரம் ஒருவருக்கு 6 சென்ட் மனை இருக்கிறது, அதில் 1,500 சதுர அடியில் வீடு கட்ட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆர்க்கிடெக்டுகளுக்கு போன் போட்டு "என்ன ஃபீஸ் வாங்குவீங்க?" என்று கேட்கிறார். ஒருவர் கட்டட மதிப்பில் 5 சதவீதம் என்கிறார். இன்னொருவர் சதுர அடிக்கு 90 ரூபாய் என்கிறார். மூன்றாமவர் மொத்தமாக 2,10,000 ரூபாய் என்கிறார். வீட்டுச் செலவு 36 லட்சம் என்று கொண்டால் முதலாமவருக்கு 1,80,000, இரண்டாமவருக்கு 1,35,000. இரண்டாமவர்தான் மலிவு என்று தோன்றும். ஆனால் மூவரும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை.

கொட்டேஷன் கேட்கும் கடிதம் தேவைப்படுவது இதற்குத்தான். வேலை இன்னது என்று நாமே எழுதி, ஓர் எழுத்துகூட மாறாமல் மூவருக்கும் அதே நாளில் அனுப்ப வேண்டும். ஒருவர் ஏதாவது சந்தேகம் கேட்டால் அதற்கான பதிலையும் மூவருக்கும் அனுப்ப வேண்டும்.

முதல் பத்தியில் மனையைப் பற்றி எழுத வேண்டும். இங்கே பலர் "6 சென்ட், கிழக்குப் பார்த்த மனை" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒகேனக்கல் பக்கம் அது போதாது. காவிரி பாறையைக் குடைந்து விழும் ஊர் இது. இங்குள்ள கார்பனடைட் பாறைகளுக்குச் சுமார் 240 கோடி ஆண்டு வயது என்கிறார்கள் புவியியலாளர்கள். உங்கள் மனையடியில் அதே பாறை இருக்கும் என்றில்லை. ஆனால் ஏதோ ஒரு பாறை சீக்கிரம் தட்டுப்படலாம். அஸ்திவாரத்துக்கு அது நல்லதுதான், செப்டிக் டேங்குக்குத்தான் தொல்லை. டேங்கிலிருந்து வெளியேறும் நீரை உறிஞ்சுகுழி மண்ணுக்குள் விட வேண்டும். பாறையில் வெட்டிய குழி அதை உறிஞ்சாது, நிரம்பி நிற்கும். அதனால் கடிதம் அனுப்புவதற்கு முன்பே மனையில் ஓரிடத்தில் ஐந்தடிக் குழி வெட்டிப் பார்த்து, எத்தனை அடியில் பாறை வந்தது என்று எழுதிவிடுவது நல்லது. ஆற்றோர மனையாக இருந்தால், 2018, 2024 வெள்ளங்களில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து அதையும் சேர்க்கலாம்.

மனையின் அளவையும் சதுர அடியில் சொல்ல வேண்டும். 6 சென்ட் என்றால் சுமார் 2,613 சதுர அடி. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று அனுமதித் திட்டம் 2,500 சதுர அடி வரையுள்ள மனைகளுக்குத்தான். நம்மவர் நூற்றுச் சொச்சம் சதுர அடியில் அந்த வாசலைத் தவறவிடுகிறார். வழக்கமான முறையில் விண்ணப்பித்து, ஆய்வு முடிந்த பிறகே பிளான் அப்ரூவல் கிடைக்கும். இதைக் கடிதத்தில் எழுதாவிட்டால் ஒருவர் சுயசான்று என்று நினைத்தும், இன்னொருவர் வழக்கமான முறை என்று நினைத்தும் நாள் கணக்குப் போடுவார்கள்.

அடுத்து வேலைப் பட்டியல். நம்மவர் இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், வணக்கம். கீழ்க்கண்டவை உங்கள் ஃபீஸில் அடக்கமா, தனிக் கட்டணமா, அல்லது நீங்கள் செய்வதில்லையா என்று ஒவ்வொன்றுக்கும் எதிரில் குறிப்பிடக் கேட்டுக்கொள்கிறேன்: முதல் பிளான், அதில் எத்தனை முறை திருத்தம், அப்ரூவலுக்கான வரைபடம், கம்பி, கான்கிரீட் கணக்குடன் ஸ்ட்ரக்சுரல் வரைபடம், மின்சார, குழாய் வரைபடம், 12 சைட் விசிட். ஆர்க்கிடெக்சர் கவுன்சில் பதிவு எண்ணையும் தெரிவிக்கவும்."

பதிவு எண் கேட்பதற்குக் காரணம் உண்டு. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்டுகள் சட்டப்படி, கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் வீட்டுக்குப் பிளான் போடுவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை, பட்டத்தை மட்டுமே காக்கிறது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே ஊர் இன்ஜினியரிடம் பிளான் வாங்குவது குற்றமில்லை. ஆர்க்கிடெக்ட் என்று போர்டு வைத்திருப்பவர் அந்தப் பட்டத்துக்கு உரியவரா என்று தெரிந்துகொள்ளத்தான் எண்.

"ஒரு மாடல் பிளான் போட்டு அனுப்புங்க, பிடிச்சா உங்களுக்கே வேலை" என்று மட்டும் எழுதக் கூடாது. முறைப்படி நடத்தும் போட்டியைத் தவிர, மற்ற ஆர்க்கிடெக்டுகளோடு போட்டியிட்டு ஒரு வாடிக்கையாளருக்கு இலவசமாக வரைந்து கொடுப்பதைக் கவுன்சிலின் 1989ஆம் ஆண்டு நடத்தை விதிகள் தடை செய்கின்றன. வரைவதற்குப் பதிலாக, அவர்கள் ஏற்கெனவே கட்டிய வீடு ஒன்றை நேரில் பார்க்க முடியுமா என்று கேட்கலாம்.

இனி பதில்களைப் பார்ப்போம். 5 சதவீதக்காரரின் ஃபீஸில் 6 விசிட்தான் அடக்கம். மீதி 6க்கு, ஒன்றுக்கு 3,500 வீதம் 21,000. ஸ்ட்ரக்சுரல் வரைபடம் தனியாக 30,000. ஆக மொத்தம் 2,31,000. சதுர அடிக்காரர் பிளானும் மின்சார வரைபடமும் மட்டும் தருகிறார். ஸ்ட்ரக்சுரலுக்கு 30,000, குழாய் வரைபடத்துக்கு 15,000, அப்ரூவல் வரைபடத்துக்கு 10,000, விசிட்டுக்கு 4,000 வீதம் 48,000 என்று சேர்த்தால் 2,38,000. மொத்தத் தொகைக்காரரிடம் எல்லாம் அடக்கம். ஆனால் அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர், மற்ற இருவருக்கும் அந்தப் பதிவு இல்லை. 18 சதவீதம் சேர்ந்தால் 2,47,800. போனில் 75,000 ரூபாயாக இருந்த வித்தியாசம் இப்போது 17,000க்குள் அடங்கிவிட்டது. வரிசையும் மாறிவிட்டது.

இந்த வரிசையும் நிலைக்காது. வீட்டம்மா தேக்குக் கதவும் கிரானைட் தரையும் வேண்டும் என்று சொல்லி, செலவு 42 லட்சத்துக்குப் போனால் 5 சதவீதம் 2,10,000 ஆகிவிடும். 2,61,000உடன் முதலாமவர்தான் மூவரிலும் அதிகம் வாங்குபவர். சதவீத ஃபீஸ் தவறான முறை அல்ல. எந்தத் தொகையின் மேல் அந்தச் சதவீதம் என்பதுதான் கேள்வி. "முதலில் ஒப்புக்கொண்ட மதிப்பீட்டின் மேல் மட்டும்" என்று ஒரு வரி எழுதி வாங்காமல் அதில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் கருத்து.

நாள் கணக்கிலும் இதே கதைதான். முதலாமவர் 8 வாரம் என்கிறார், ஆனால் முதல் பிளானை நாம் ஒப்புக்கொண்ட பிறகுதான் அவர் எண்ணத் தொடங்குகிறார். அதற்கு முந்தைய 3 வாரத்தைச் சேர்த்தால் 11. இரண்டாமவரின் 6 வாரத்தில் ஸ்ட்ரக்சுரல் வேலைக்கான 3 வாரம் இல்லை, ஆக 9. மூன்றாமவர் சொன்ன 14 வாரத்தில் நாம் பதில் சொல்வதற்கென்றே 4 வாரம் விட்டிருக்கிறார், அவருடைய வேலை 10 வாரம்தான். கடிதத்தில் "எப்போது முடியும்?" என்று கேட்டதற்கு மூன்று வகையில் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். "மனையைப் பார்த்த நாள் தொடங்கி, மேஸ்திரி கையில் வேலை வரைபடம் தரும் நாள் வரை, அப்ரூவல் காத்திருப்பு நீங்கலாக எத்தனை வாரம்? அதில் எங்கள் பதிலுக்கு எத்தனை நாள்?" என்று கேட்டிருந்தால் கூட்டிக் கழிக்கும் வேலை மிச்சம்.

பணம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டாமவர் வரைபடம் கொடுத்ததும் 80 சதவீதம் கேட்கிறார். பிறகு தளம் போடும் நாளில் கம்பி எண்ணிப் பார்க்கக் கூப்பிட்டால், மீதி 20 சதவீதத்துக்காகத் தருமபுரியிலிருந்து கிளம்பி வருவாரா? மூன்றாமவர் மூன்றில் ஒரு பங்கைக் கட்டடம் எழும்பும் மாதங்களுக்கென ஒதுக்கி வைத்திருக்கிறார். பத்தாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்காக நம்மவர் அவரை விடமாட்டார் என்று நினைக்கிறேன். உறிஞ்சுகுழிக்கு என்ன செய்வது என்று மறுகேள்வி கேட்டு எழுதியவரும் அந்த ஒருவர்தான்.