'திருப்தியா?' என்பதா, 'சிரமமா?' என்பதா?

லூபோக் சீனாவில் ஒரு வீட்டில் இணையச் சேவை துண்டிக்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அம்மா சேவை மையத்தை அழைக்கிறார். பதிவுக்குரல் சொல்லும் எண்களை அழுத்தி முடிக்கவே பத்து நிமிடம் ஆகிறது, பிரச்சினை தீரவில்லை. மறுநாள் வேறொருவர் பேசுகிறார். கணக்கு எண்ணிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாவது அழைப்பில் பேசிய இளைஞர் பொறுமையாகக் கேட்டு, அன்றே பழுதைச் சரிசெய்து தருகிறார்.

உடனே ஒரு குறுஞ்செய்தி: "எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா? 1 முதல் 5 வரை புள்ளி தருக." அம்மா 5 தருகிறார். அது அந்த இளைஞரின் பண்புக்குக் கிடைத்த புள்ளி. முதல் இரண்டு அழைப்புகளின் அலைச்சல் அதில் தெரியவே இல்லை.

இந்தக் குறையைத்தான் 2010இல் 'ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ' இதழில் மேத்யூ டிக்சன், கேரன் ஃப்ரீமன், நிக்கலஸ் டோமன் ஆகியோர் சுட்டிக்காட்டினர். 75,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களிடம் நடத்திய ஆய்வு அது. அதிகச் சிரமப்பட்டவர்களில் 81 விழுக்காட்டினர், அந்த நிறுவனத்தைப் பற்றிப் பிறரிடம் குறை சொல்லப்போவதாகக் கூறினர். எனவே, "உங்கள் கோரிக்கையை முடிக்க நீங்கள் எவ்வளவு முயற்சி எடுக்க வேண்டியிருந்தது?" என்று கேட்கும்படி அவர்கள் பரிந்துரைத்தனர்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அங்கே 1 என்றால் குறைந்த முயற்சி, அதாவது நல்ல நிலை. 5தான் உயர்ந்த புள்ளி என்று பழகியவர்கள் தலைகீழாகப் பதில் சொல்லிவிடுவார்கள். தமிழில் சிக்கல் இன்னும் பெரிது. 'முயற்சி' நமக்குப் பாராட்டுச் சொல். நிறுவனம் எடுத்த முயற்சியைக் கேட்கிறார்கள் என்று அம்மா நினைத்தால், அதற்கும் 5 கொடுப்பார். பின்னாளில் கேள்வி மாற்றப்பட்டது: "என் பிரச்சினையைத் தீர்த்துக்கொள்வதை இந்த நிறுவனம் எளிதாக்கியது." இதை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள் என்று 1 முதல் 7 வரை சொல்ல வேண்டும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? அழைப்பு முறையில் எங்கே தடங்கல் என்று அறிந்து திருத்த வேண்டுமானால், 'எளிதாக இருந்ததா' என்ற கேள்வி பொருந்தும். பிரச்சினை தீர்ந்தவுடன், நினைவு மங்குமுன் அதைக் கேட்க வேண்டும். கட்டணம், இணைய வேகம் போன்றவற்றை அந்தக் கேள்வி தொடாது. மாதாந்திரச் சேவையைப் பற்றிய ஒட்டுமொத்த எண்ணத்தை அறியத் திருப்திக் கேள்விதான் வேண்டும். அதிலும் 'சேவை' என்று பொதுவாகச் சொல்லாமல், எதைப் பற்றிக் கேட்கிறோம் என்று குறிப்பிட வேண்டும்.

கல்லூரிப் பணிக்காகக் கேள்வித்தாள் தயாரிக்கும் மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். "இதற்காக எத்தனை முறை அழைத்தீர்கள்?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். மூன்று முறை அழைத்தவர்களில் பலர் 'மிக எளிது' என்று குறித்திருந்தால், முதலில் கேள்வியின் சொற்களைச் சரிபாருங்கள்.