புன்னகையின் இருபொருள்

எழுத்துவழி உரையாடலில் முகக்குறிப்பு இல்லை. அக்குறையை ஈடுசெய்யவே எமோஜி என்னும் படக்குறிகளைப் பயன்படுத்துகிறோம். ஆயினும், ஒரே குறி எல்லா நாட்டாருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை.

சீன நண்பர் ஒருவர் தாம் வரைந்த ஓவியத்தை நமக்கு அனுப்புகிறார் எனக் கொள்வோம். "நன்று" என எழுதி, இலேசாகப் புன்னகைக்கும் முகத்தையும் (🙂) சேர்த்து அனுப்புகிறோம். நாம் கருதியது பாராட்டு. அவர் கொள்ளக்கூடிய பொருளோ ஏளனம். சீன இளைஞர் பலரிடையே இக்குறி அலட்சியத்தை உணர்த்துகிறது. அம்முகத்தில் உதடுகள் வளைகின்றன, கண்கள் மலர்வதில்லை. ஆதலால், அதனை உள்ளத்தில் எழாத சிரிப்பாக அவர்கள் காண்கின்றனர். அந்நாட்டு முதியோர் பலரோ அதனை நட்பின் அடையாளமாகவே அனுப்புகின்றனர். பொருள் நாட்டால் மட்டுமன்றி, வயதாலும் வேறுபடுகிறது.

குறியின் பெயரைப் பார்த்தால் இது விளங்குமா? விளங்காது. ஒருங்குறித் தரத்தில் இதன் பெயர் 'இலேசாகப் புன்னகைக்கும் முகம்' என்பதே. பெயர் வடிவத்தைக் கூறும்; வழக்கைக் கூறாது. எனவே, நண்பர் தம் செய்திகளில் அக்குறியை மகிழும்போது இடுகிறாரா, பிணங்கும்போது இடுகிறாரா என நோக்க வேண்டும். அவர் அதனை இட்டதே இல்லையெனில், குறியை விடுத்து, ஓவியத்தில் நம்மைக் கவர்ந்தது எதுவெனச் சொல்லால் எழுதுவதே தக்கது.