மூன்று வாரத்துக்கு ஒருமுறை மணியடிக்க

கைப்பேசி அலாரத்துக்குக் கிழமை மட்டும்தான் தெரியும். திங்கள் முதல் சனி வரை காலை 4.30-க்கு எழுப்பு என்று வைத்தால், எல்லா வாரமும் எழுப்பும். இரவு 10 மணிக்கு வேலை முடித்து, நள்ளிரவில் கண்ணயர்ந்தவரையும் அதே நேரத்துக்கு எழுப்பும். எரிச்சலில் அணைத்துவிடுவார். முதல் ஷிப்ட் திரும்ப வரும்போது மறுபடி போட மறந்து, கம்பெனி பஸ்ஸை விட்டுவிடுவார்.

மறதி அவருடைய குறையல்ல. அவருடைய வாழ்க்கை ஏழு நாளில் திரும்பி வருவதில்லை, இருபத்தொரு நாளில் திரும்பி வருகிறது. நினைவூட்டலும் அந்தக் கணக்கிலேயே வர வேண்டும்.

ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். முதல் வாரம் காலை 6 முதல் 2 வரை, அடுத்த வாரம் 2 முதல் இரவு 10 வரை, மூன்றாவது வாரம் இரவு 10 முதல் காலை 6 வரை. ஞாயிறு விடுமுறை. 2026 ஜனவரி 5, திங்கட்கிழமை அவருக்கு நைட் ஷிப்ட் தொடங்குகிறது என்றால், அடுத்த நைட் ஜனவரி 26, அதற்கடுத்தது பிப்ரவரி 16.

கூகுள் காலண்டரில் புதிய நிகழ்வு ஒன்றைத் தொடங்கினால் “Does not repeat” என்ற வரி இருக்கும். அதைத் தொட்டு “Custom” போனால், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை என்று கேட்கும். அங்கே 3 என்று போட்டு, கிழமைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று ஷிப்டுக்கும் இப்படித் தனித்தனியாக ஒவ்வொன்று. ஒருமுறை செய்தால் போதும்.

நைட் வாரத்தில்தான் ஒரு சிக்கல். அவர் வீட்டுக்கு வந்து காலை 8 மணிக்குப் படுத்து, பிற்பகல் 3 மணிக்கு எழுகிறார். திங்கள் இரவு தொடங்கும் வேலைக்கான தூக்கம் செவ்வாய் பகலில் வருகிறது, சனி இரவு வேலைக்கான தூக்கம் ஞாயிறு பகலில். ஆகவே 3 மணி நினைவூட்டல் செவ்வாய் முதல் ஞாயிறு வரை இருக்க வேண்டும். காலண்டர் வாரத்தை ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குவதாக அமைத்திருந்தால், அந்த ஞாயிறு அடுத்த வாரக் கணக்கில் போய்விடும். மணி தேவையான ஞாயிறு அடிக்காமல், நைட் வாரம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு அடிக்கும். ஞாயிறுக்கு மட்டும் தனி நிகழ்வு ஒன்று போட்டுவிடுவது நல்லது. பிறகு இரண்டு மாதம் தள்ளிப் பார்த்தால் சரியாக விழுந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

காலண்டரின் ஒலி சின்னது, ஆழ்ந்த தூக்கத்தைக் கலைக்காது. எழுப்புவதற்கு அலாரம்தான் வேண்டும். மூன்று ஷிப்டுக்கும் மூன்று அலாரம் பெயரிட்டு வைத்துக்கொண்டு, ஞாயிறு மாலை ஒன்றை மட்டும் இயக்க வேண்டும். அதை நினைவூட்டும் மணி மட்டும் எல்லா ஞாயிறும் அடிக்கலாம்.

அடுத்தது மாத்திரை. இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் எல்லா மாத்திரையும் ஒரே மாதிரி இல்லை. தைராய்டு குறைவுக்கான லெவோதைராக்சினை வெறும் வயிற்றில், சாப்பிடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு எடுப்பார்கள். அது உடலில் பல நாள் தங்குவதால், சில மணி நேர முன்பின் பெரிதாகப் பாதிக்காது. வெறும் வயிறுதான் முக்கியம். இதை எழும் நேரத்தோடு கட்டலாம்: முதல் ஷிப்டில் 4.30, நைட்டில் பிற்பகல் 3.

வலிப்பு மாத்திரை, நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் போன்றவை வேறு. அவை கடிகாரத்தோடு கட்டியவை, ஷிப்ட் மாறினாலும் இடைவெளி மாறக்கூடாது. உங்கள் மருந்து எந்த வகை என்று மருத்துவரிடம், ஷிப்ட் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள். தினமும் ஒருமுறை, ஒரே நேரத்தில் என்று அவர் சொன்னால், மூன்று ஷிப்டிலும் விழித்திருக்கும் நேரத்தைத் தேட வேண்டும். நம் தொழிலாளி முதல் ஷிப்டில் இரவு 9 முதல் 4.30 வரை தூங்குகிறார், இரண்டாம் ஷிப்டில் 12 முதல் 7.30 வரை, நைட்டில் காலை 8 முதல் 3 வரை. மூன்றையும் கழித்தால், காலை 7.30 முதல் 8 வரையிலான அரை மணியைத் தவிர, கிடைப்பது பிற்பகல் 3 முதல் இரவு 9 வரையிலான நேரம்தான்.

அந்த நேரத்தில், இரண்டாம் ஷிப்ட் வாரம் அவர் மெஷின் முன்னால் நிற்கிறார். பல இடங்களில் கைப்பேசி லாக்கரில் பூட்டியிருக்கும், மணி அடித்தாலும் கேட்காது. அதனால் சாப்பாட்டு இடைவேளை 6.30 என்றால் மாத்திரையையும் 6.30-க்கே வைத்து, அந்த வாரம் டிபன் பாக்ஸோடு எடுத்துப்போக வேண்டும். மற்ற இரண்டு வாரமும் அதே 6.30.

ஜனவரி 26 குடியரசு தினம். விடுமுறை விட்டால் அன்றைய நைட் ஷிப்ட் இல்லை. அந்த நிகழ்வை நீக்கும்போது காலண்டர் மூன்று வழி கேட்கும். “This event” என்றால் அன்று மட்டும் போகும், நண்பருக்காக ஒருநாள் ஷிப்ட் மாறினாலும் இதுவே. நிர்வாகம் சுழற்சியையே மாற்றிவிட்டால், மூன்று ஷிப்டின் நிகழ்வுகளிலும் “This and following events” என்று நீக்கி, புதுத் தேதியிலிருந்து மறுபடி போட வேண்டும். “All events” தொட்டால் பழைய வாரங்களும் அழிந்துபோகும். ஓவர்டைம் கணக்குக்காக எந்த வாரம் எந்த ஷிப்ட் பார்த்தோம் என்று தேடுகிறவருக்கு அந்தப் பழைய பதிவுகள் தேவைப்படும்.