வில்ம்ஸ் கட்டி: இளங்குழந்தையின் வலியற்ற வயிற்றுக் கட்டியும் படிமச் சோதனைகளும்

ஆய்வுச் சுருக்கம்
குழந்தைகளின் சிறுநீரகத்தில் தோன்றும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது வில்ம்ஸ் கட்டி. வலியின்றி வளர்வதால் இது பெரும்பாலும் தற்செயலாகவே கண்டறியப்படுகிறது. படிமச் சோதனைகள் இக்கட்டியை எவ்வாறு இனங்காண்கின்றன, அவற்றின் முடிவுகள் சிகிச்சையையும் நோயின் போக்கையும் எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வில்ம்ஸ் கட்டி, சிறுநீரகம், ஸ்கேன், நியூரோபிளாஸ்டோமா, நோய்நிலை.

முன்னுரை
ஜெர்மானிய அறுவை மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸ் 1899ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால் இக்கட்டி அவர் பெயரைப் பெற்றது. கருவில் சிறுநீரகத்தை உருவாக்கும் முதிராத் திசுக்கள் முதிர்ச்சியடையாமல் பெருகுவதே இதன் அடிப்படை. மூன்று, நான்கு வயதில் மிகுதியாகக் காணப்படுகிறது. பெரும்பாலான குழந்தைகளில் ஒரு சிறுநீரகத்தை மட்டுமே தாக்குகிறது.

வலியற்ற கட்டி
குளிப்பாட்டும்போதோ உடை மாற்றும்போதோ குழந்தையின் விலாவுக்குக் கீழே கடினமான வீக்கம் தாயின் கைக்குத் தட்டுப்படுவதே வழக்கமான தொடக்கம். குழந்தை நன்றாக உண்டு விளையாடிக் கொண்டிருப்பதால், வயிறு பெருத்திருப்பதைக் கொழுப்பு என்றோ பூச்சித் தொல்லை என்றோ வீட்டார் எண்ணிவிடுவதுண்டு. சில குழந்தைகளுக்கு இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கும்; சிலருக்குச் சிறுநீரில் இரத்தம் கலந்திருக்கும். ஆகவே, வயிற்றில் கட்டியுள்ள குழந்தைக்கு இரத்த அழுத்தத்தை அளப்பது தவறாமல் செய்யப்பட வேண்டிய முதற்பணியாகும்.

இந்நிலையில் பலர் மாறிமாறி வயிற்றை அழுத்திப் பார்ப்பது ஆபத்தானது. கட்டியின் மெல்லிய உறை கிழிந்து செல்கள் வயிற்றறைக்குள் சிதறினால் நோய்நிலை மூன்றாம் நிலைக்கு உயர்கிறது. அதன் விளைவாகக் கூடுதல் மருந்தும் வயிற்றுக்குக் கதிர்வீச்சும் தேவைப்படலாம்.

படிமங்கள் விடையளிக்கும் வினாக்கள்
ஓர் எடுத்துக்காட்டின் வழி இதனைக் காணலாம். மூன்று வயதுக் குழந்தையின் இடப்பக்க வயிற்றில் பத்து சென்டிமீட்டர் அளவுள்ள கட்டி இருப்பதாகக் கொள்வோம். முதலில் செய்யப்படுவது அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு இல்லாத இச்சோதனை, கட்டி எங்கிருந்து தோன்றியது என்னும் வினாவுக்கு விடை தேடுகிறது. எஞ்சிய சிறுநீரகத் திசு நண்டின் கொடுக்குபோல் கட்டியின் விளிம்பைப் பற்றியிருந்தால், அது சிறுநீரகத்தினின்றே தோன்றியதாகும்.

இவ்வினா முதன்மையானது, ஏனெனில் இதே வயதில் அட்ரீனல் சுரப்பியில் தோன்றும் நியூரோபிளாஸ்டோமாவும் வயிற்றுக் கட்டியாகவே வெளிப்படும். அது சிறுநீரகத்தைக் கீழே தள்ளும். பெருந்தமனியைச் சூழ்ந்து வளரும். சுண்ணாம்புப் படிவுகளை மிகுதியாகக் காட்டும். வில்ம்ஸ் கட்டியோ இரத்தக் குழாய்களைப் பெரும்பாலும் சூழாமல் ஒதுக்கித் தள்ளும். அதில் சுண்ணாம்புப் படிவு குறைவு. நியூரோபிளாஸ்டோமா உள்ள குழந்தை பெரும்பாலும் சோர்வுற்றிருப்பதும் ஒரு குறிப்பாகும்.

அடுத்த வினா சிரை பற்றியது. வில்ம்ஸ் கட்டி சிறுநீரகச் சிரைக்குள் இழைபோல் நீண்டு, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக இதயம்வரை செல்லவும் கூடும். டாப்ளர் சோதனை இதனைக் காட்டும். நம் எடுத்துக்காட்டில் இழை சிறுநீரகச் சிரையோடு நின்றுவிட்டதாகக் கொள்வோம். பின்னர் செய்யப்படும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மறு சிறுநீரகத்தில் சிறு கட்டிகள் உள்ளனவா என ஆராயும். அவை இருப்பின் இரு சிறுநீரகங்களிலும் இயன்ற அளவு நல்ல திசுவைக் காக்கும் வகையில் சிகிச்சை மாற்றப்படும். நோய் முதலில் பரவுவது பெரும்பாலும் நுரையீரலுக்கே என்பதால் மார்புப் பகுதிக்கும் சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும்.

சிகிச்சையும் நோயின் போக்கும்
வட அமெரிக்க முறையில் முதலில் அறுவை செய்யப்படுகிறது. ஐரோப்பிய முறையில் படிமச் சான்றின் அடிப்படையிலேயே வின்கிறிஸ்டின், ஆக்டினோமைசின் ஆகிய மருந்துகள் நான்கு வாரங்கள் தரப்பட்டு, கட்டி சுருங்கியபின் அறுவை நிகழ்கிறது. இதனால் கட்டி கிழியும் வாய்ப்புக் குறைகிறது. ஆயினும் படிமம் தவறாக வாசிக்கப்பட்டால், வேறு நோயுள்ள குழந்தைக்குத் தேவையற்ற மருந்து சென்றுவிடும்.

எடுத்துக்காட்டுக் குழந்தைக்கு இரண்டாம் முறையில் சிகிச்சை அளிக்கப்பட்டு, சிரையிலிருந்த இழையும் முழுமையாக அகற்றப்பட்டது என்க. நுரையீரலும் நிணநீர்க் கணுக்களும் தெளிவாக இருந்தால் அது இரண்டாம் நிலையாகும். அதன்பின் போக்கைத் தீர்மானிப்பதில் கட்டியின் அளவைவிடத் திசுவின் தன்மைக்கே முதன்மை உண்டு. செல்கள் உருக்குலைந்த அனப்ளாசியா இல்லாத குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேர் உயிர் பிழைக்கின்றனர். அனப்ளாசியா கட்டி முழுதும் பரவியிருப்பின் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. இதனைப் படிமத்தால் கண்டறிய இயலாது. நோய்க்குறியியல் ஆய்வே உறுதிப்படுத்தும்.

முடிவுரை
வலியின்மை நோயின்மையின் அடையாளமன்று. கட்டி சிறுநீரகத்தினுடையதா, சிரைக்குள் நுழைந்துள்ளதா, மறு சிறுநீரகமும் நுரையீரலும் தெளிவாக உள்ளனவா என்னும் வினாக்களுக்குப் படிமங்கள் விடையளிக்கின்றன. திசுவின் தன்மையை அறுவைக்குப் பின்னரே அறிய முடிகிறது. இளங்குழந்தையின் வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால் மேலும் அழுத்திப் பாராமல், உடனடியாக அல்ட்ராசவுண்ட் சோதனைக்கு அனுப்புவதே முறையாகும்.