கன்னம் வீங்கிய படத்தில் தெரியாதவை

லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு புகைப்படம் வட்ஸ்அப்பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கொழுந்து பறிக்கும் பெண் ஒருவரின் வலது கன்னம் வீங்கியிருக்கிறது. கூடவே ஒரு குரல் பதிவு: "மூணு நாளா பல்லு வலி. நேத்து ராத்திரியிலருந்து வலி கொஞ்சம் கொறஞ்சிருக்கு, வீக்கம்தான் கூடிருச்சு. பனடோல் போட்டுட்டு மலைக்குப் போயிட்டாங்க."

படத்தைப் பார்ப்பவர்கள் கன்னத்தின் அளவைப் பார்த்துப் பயப்படுவார்கள். உண்மையில் கவலைப்பட வேண்டியது அந்தக் குரல் பதிவுக்குத்தான். சொத்தைப் பல்லின் வேர் நுனியில் சேரும் சீழ் எலும்புக்குள் அடைபட்டிருக்கும்வரை வலி உயிரை எடுக்கும். எலும்பைத் துளைத்து வெளியே வந்ததும் அழுத்தம் குறையும், வலியும் குறையும். நோய் குறைகிறது என்று வீட்டார் நினைக்கும் அந்த இரவில்தான் சீழ் தசைகளுக்கிடையே பரவத் தொடங்குகிறது.

அது எந்தப் பக்கம் போகும் என்பதைப் பெரும்பாலும் பல்லே தீர்மானிக்கிறது. கீழ்த்தாடையின் உட்பக்கத்தில், நாக்குக்கு அடியில், பாய் விரித்தாற்போல ஒரு தசை ஒட்டியிருக்கிறது. முன்பக்கப் பற்களின் வேர் நுனிகள் அந்தத் தசைக்கு மேலே நிற்கும். கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர் நுனிகள் பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கும். ஆகவே அவற்றின் சீழ் கன்னத்துக்கு வராமல் தாடைக்கு அடியில், கழுத்துப் பக்கமாக இறங்கலாம். கன்னம் பெரிதாக ஊதியிருப்பவரைவிட, முகம் சாதாரணமாகத் தெரிந்து தாடைக்கடி மட்டும் பலகைபோல இறுகியிருப்பவர் ஆபத்தில் இருக்கலாம்.

இரண்டு பக்கமும் இப்படி இறுகி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, மூச்சுப் பாதை அடைபடும் நிலையை ஜெர்மன் வைத்தியர் லுட்விக் 1836இல் விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அன்டிபயோட்டிக் இல்லாத காலத்தில் அது வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

எனவே அந்தப் படத்துக்குப் பதில் அனுப்பும்போது "இன்னொரு படம் எடுங்கள்" என்று கேட்பதில் பிழையில்லை. தலையை நிமிர்த்தி, தாடைக்கு அடியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் தொலைபேசியில் பேசுவது அதைவிடப் பயன் தரும். தன் இரண்டு விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்களுக்கு இடையில் வைக்குமளவுக்கு வாய் திறக்கிறதா? எச்சிலை விழுங்க முடிகிறதா, இல்லை துணியில் துடைத்துக்கொண்டிருக்கிறாரா? சூடான சோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போலக் குரல் மாறியிருக்கிறதா? படுத்தால் மூச்சு முட்டுகிறதா? நடுக்கத்துடன் காய்ச்சல் உண்டா? பனடோல் போட்டிருந்தால் காய்ச்சல் மறைந்திருக்கும் என்பதால், கடைசியாக எப்போது போட்டார் என்பதையும் கேளுங்கள்.

வாய் திறக்கவில்லை, விழுங்க முடியவில்லை, குரல் மாறிவிட்டது, மூச்சு முட்டுகிறது, வீக்கம் கழுத்துக்கு இறங்குகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 1990 இலவச அம்புலன்ஸை அழைக்கலாம். அது வரத் தாமதமானால் கிடைக்கிற ஆட்டோவில், உட்கார்ந்த நிலையிலேயே கொண்டுபோக வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். பல் கிளினிக் மூடியிருக்கிறதே என்று திரும்பி வராதீர்கள். இது மூச்சுப் பாதைப் பிரச்சினை. நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போக வேண்டும்.

மேல்தாடைப் பல் வேறு பாதையில் ஏமாற்றும். மூக்கோரம் வீங்கிக் கண் மூடிக்கொண்டால், கண் பிதுங்கினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், கடும் தலைவலியோடு மயக்கம் வந்தால், அதுவும் அதேயளவு அவசரம். அமெரிக்காவின் மேரிலாண்டில் 2007 பெப்ரவரியில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பல்லிலிருந்து கிருமி மூளைக்குப் போயிருந்தது. அவன் சொன்னது தலைவலி என்றுதான். அந்தப் பல்லைப் பிடுங்க ஆகியிருக்கக்கூடிய செலவு 80 டொலர் என்று அப்போது செய்திகள் எழுதின. பணக்கார நாட்டிலும் ஏழைப் பிள்ளைக்குப் பல் வைத்தியர் கிடைக்கவில்லை.

கன்னம் மட்டும் வீங்கி, வாய் நன்றாகத் திறந்து, தண்ணீர் குடிக்க முடிந்தால் இரவோடிரவாக ஓட வேண்டியதில்லை. ஆனால் மறுநாளே பல் வைத்தியரிடம் போக வேண்டும். அரைப்பேர் போய்விடும் என்ற கணக்கு எனக்கும் புரிகிறது. அதுவரை வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் அன்றே புறப்பட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மறுநாள்வரைகூட பொறுக்காமல் அன்றே காட்டுவது நல்லது.

வீட்டில் மிச்சமிருக்கும் அமொக்சிசிலினை இரண்டு வேளை போட்டுப் பார்ப்பது பரவலான பழக்கம். தேங்கிய சீழுக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. சீழை வெளியேற்றி, பல்லைப் பிடுங்கியோ வேரைச் சுத்தம் செய்தோ மூலத்தை அகற்றினால்தான் தீரும். "வீக்கம் இருக்கும்போது பல் பிடுங்கக்கூடாது" என்று லயங்களில் சொல்வார்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் பல் வைத்தியர். பெரும்பாலும் வீக்கத்தோடே பிடுங்கிவிடுவார்கள். பனடோல் 500 மில்லிகிராம் வில்லை, வளர்ந்தவர்களுக்கு 24 மணி நேரத்தில் எட்டைத் தாண்டக்கூடாது. பல்வலியில் கணக்கில்லாமல் விழுங்கிக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.